சொல்லை மாற்றினால் வாக்கியம் சொந்தமாகிவிடுமா?

சுற்றுச்சூழல் பாடத்துக்கு வந்த அசைன்மென்ட் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் "அலைகளின் விரைவை அணைத்ததால்" என்று இருந்தது. விளக்கை அணைக்கலாம், தீயை அணைக்கலாம், குழந்தையைக்கூட அணைக்கலாம். விரைவை எப்படி அணைப்பது? கொஞ்சம் யோசித்த பிறகு பிடிபட்டது. புத்தகத்தில் "வேகத்தைத் தணித்ததால்" என்று இருந்திருக்கிறது. வேகம் விரைவானது, தணித்தல் அணைத்தல் ஆனது.

அந்தப் பிள்ளை ஏமாற்ற நினைத்து இதைச் செய்யவில்லை. "புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதாதீங்க, சொந்த வார்த்தையில எழுதுங்க" என்று வகுப்பில் நாங்கள் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறாள். சொந்த வார்த்தை என்று நாங்கள் சொன்னது வார்த்தையை மட்டும் அல்ல என்பதை யாரும் அவளுக்கு விளக்கவில்லை. ஒரு நூலில் உள்ள கருத்தைப் பொருள் கெடாமல் நம் நடையில் சொல்வதற்குப் பாராஃப்ரேஸ் என்று பெயர். இங்கே அதைச் 'சொந்த நடை' என்றே சொல்லப்போகிறேன். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சொந்த நடைக்குக் கொண்டுவரும்போது எங்கெங்கே தடுக்கி விழுகிறோம் என்று பார்ப்போம்.

## பாட்டிக்குச் சொல்லும் சேதி

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு போன் வருகிறது. "மருத்துவர் செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் இருப்பார். ரத்தப் பரிசோதனை இருப்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். போனை வைத்துவிட்டுப் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள்? "பாட்டி, செவ்வாய்க்கிழமை காலையில எதுவும் சாப்பிடாம கிளம்பணும், ரத்தம் எடுக்கப் போறாங்க. டாக்டர் அனேகமா இருப்பாராம்." வாக்கியத்தின் வரிசை தலைகீழாகிவிட்டது. சொற்களும் மாறிவிட்டன. சேதி மட்டும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் நீங்கள் எந்தச் சொல்லுக்கும் ஈடுசொல் தேடவில்லை. கேட்டது மனதில் பொருளாகத் தங்கியது, அந்தப் பொருளுக்கு வாயில் வந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். அதே சேதியில் "அனேகமா" என்ற சொல்லை விட்டிருந்தால், பாட்டி வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்து, மருத்துவர் வராமல் திரும்பியிருப்பார். ஒரு சின்னச் சொல்லால் சேதியே மாறியிருக்கும்.

பள்ளியில் செய்யுளுக்கு இரண்டு வகையில் உரை எழுதியிருப்பீர்கள். பதவுரை என்பது ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அதன் பொருளைப் பக்கத்தில் வைப்பது. பொழிப்புரை என்பது செய்யுள் சொல்வதை வாங்கிக்கொண்டு தொடர்ச்சியாகச் சொல்வது. அசைன்மென்டில் கேட்கப்படுவது பொழிப்புரை. எங்கள் கைக்கு வருவதில் பெரும்பகுதி பதவுரை.

## ஒரு வாக்கியம், முதல் முயற்சி

எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு வாக்கியம் எழுதுகிறேன். இது ஒரு பாடநூலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

*"கரையோர அலையாத்திக் காடுகளின் பின்னிப் பிணைந்த வேர்கள் அலைகளின் வேகத்தைத் தணித்ததால், 2004 சுனாமியின்போது பிச்சாவரம் பகுதியில் காடுகளுக்குப் பின்னால் இருந்த சில கிராமங்களில் உயிர்ச்சேதம் ஒப்பீட்டளவில் குறைவாக இருந்ததாகச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்."*

ஈடுசொல் தேடும் மாணவர் இதை இப்படி மாற்றுவார்:

*"கடலோரச் சதுப்புக் காடுகளின் ஒன்றோடொன்று கலந்த வேர்கள் அலைகளின் விரைவை அணைத்ததால், 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் வட்டாரத்தில் வனங்களுக்குப் பின்புறம் இருந்த சில ஊர்களில் உயிரிழப்பு ஒப்புமையில் சிறிதாக இருந்ததாகச் சில அறிஞர்கள் எண்ணுகின்றனர்."*

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தின் மூன்றாம் சொல் இருந்த இடத்தில் இரண்டாவதன் மூன்றாம் சொல் இருக்கிறது. "ஆல்" முடிந்த இடத்தில் "ஆல்", "போது" முடிந்த இடத்தில் "போது". எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது. இப்படி மூலத்தின் அமைப்பை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் ஒட்டுப்போடுவதை ஆங்கிலத்தில் பேட்ச்ரைட்டிங் என்கிறார்கள். 1990களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். புதிய துறைக்குள் நுழையும் மாணவர் தடுமாறும் ஒரு கட்டம் இது, இதை உடனே திருட்டு என்று தண்டிக்கக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் கட்டம் என்றால் தாண்டிப் போக வேண்டும்.

தமிழில் இந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே வரும். நம்மிடம் வருடம் - ஆண்டு, கிராமம் - ஊர், வேகம் - விரைவு, சுனாமி - ஆழிப்பேரலை என்று ஜோடி ஜோடியாகச் சொற்கள் கிடைக்கின்றன. பத்து நிமிடத்தில் ஒரு பத்தியையே மாற்றிவிடலாம். வருடத்தை ஆண்டு ஆக்கியதால் வாக்கியம் தூய தமிழுக்கு நகர்ந்திருக்கலாம், உங்களிடம் நகர்ந்துவிடவில்லை.

இப்போது மாறிய சொற்களைக் கவனியுங்கள். "அலையாத்திக் காடு" என்பது உப்பும் நன்னீரும் கலக்கும் கரையோரத்தில் வளரும் காட்டைக் குறிக்கும் சொல். "சதுப்புக் காடு" அதைவிட அகலமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நன்னீர்ச் சதுப்புக் காடும் அதற்குள் வந்துவிடும். "ஆய்வாளர்" என்றால் அந்த இடத்தில் தரவு திரட்டி ஆராய்ந்தவர். "அறிஞர்" என்றால் பட்டிமன்ற நடுவர்கூட அறிஞர்தான். "கருதுதல்" ஒரு கருத்தைக் கொள்வது, "எண்ணுதல்" என்றால் விரல்விட்டு எண்ணுவதாகவும் படிக்கலாம். உயிரிழப்பு குறைவாக இருக்கும், சிறிதாக இருக்காது.

ஈடுசொல் என்று நாம் அழைக்கும் எந்தச் சொல்லும் எல்லா இடத்திலும் ஈடாவதில்லை. தணித்தலும் அணைத்தலும் தீயின் பக்கத்தில் நிற்கும்போது உறவினர்கள், அலையின் பக்கத்தில் அந்நியர்கள். இது தமிழில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் கிறிஸ் சாட்லர் ஒரு மாணவர் தாளில் "சினிஸ்டர் பட்டக்ஸ்" என்ற தொடரைப் பார்த்திருக்கிறார். அதன் பொருள் ஏறத்தாழ 'கொடிய புட்டங்கள்'. மூலத்தில் இருந்தது "லெஃப்ட் பிஹைண்ட்", அதாவது பின்தங்கிப்போன என்பது. தமிழில் "பின்தங்கியவர்கள்" என்பதைச் "முதுகில் வசிப்பவர்கள்" என்று மாற்றியது போல.

இதுவரை பார்த்தது: சொல்லை மட்டும் மாற்றினால் மூலத்தின் அமைப்பு அப்படியே நிற்கும், அதனால் அது நகலாகவே இருக்கும். கூடவே பொருளும் ஆங்காங்கே சிதையும்.

## மாற்றக் கூடாத சொற்கள்

ஒரு வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூன்று வகையாகப் பார்த்தால் போதும்.

முதல் வகை கலைச்சொல், அதாவது ஒரு துறையில் ஒரே பொருளை மட்டும் குறிக்க நிலைத்துவிட்ட சொல். நம் வாக்கியத்தில் "அலையாத்திக் காடு". பிச்சாவரம், 2004 போன்ற பெயரும் எண்ணும் இந்தக் கணக்கில் சேரும். இவற்றை மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. அப்படியே எழுதினால் நகல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல மாணவர்கள் இந்தப் பயத்தில்தான் கலைச்சொல்லைத் தொட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகை பொதுச்சொல். வேர்கள் பின்னிப் பிணைந்திருப்பது, வேகம் தணிவது, கிராமம் பின்னால் இருப்பது எல்லாம் இதில் வரும். உங்கள் நடைக்கு இடம் இருப்பது இங்கேதான்.

மூன்றாவது வகையை நான் வேலிச்சொல் என்று சொல்வேன். கூற்று எதுவரை செல்லும், அதற்கு மேல் செல்லாது என்று எல்லை போடும் சொற்கள் இவை. நம் வாக்கியத்தில் "சில கிராமங்கள்", "ஒப்பீட்டளவில்", "சில ஆய்வாளர்கள்", "கருதுகின்றனர்" என்று நான்கு வேலிகள் இருக்கின்றன. வேலிச்சொல்லின் வடிவத்தை மாற்றலாம். "ஒப்பீட்டளவில் குறைவு" என்பதை "மற்ற ஊர்களைவிடக் குறைவு" என்று எழுதலாம். வேலியைப் பிடுங்கத்தான் கூடாது.

## நடை மாறியது, பொருளும் ஓடிவிட்டது

இரண்டாம் வகை மாணவர் துணிச்சலானவர். ஈடுசொல் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. புத்தகத்தை ஒரு முறை படித்துவிட்டு இப்படி எழுதுகிறார்:

*"2004 சுனாமியைத் தடுத்து நிறுத்திப் பிச்சாவரம் கிராமங்களைக் காப்பாற்றியவை அலையாத்திக் காடுகளே."*

படிக்க நன்றாக இருக்கிறது. அமைப்பும் சொந்தம். ஆனால் நான்கு வேலிகளும் போய்விட்டன. சில கிராமங்கள் எல்லாக் கிராமங்களும் ஆகிவிட்டன. குறைவான இழப்பு, காப்பாற்றப்பட்டதாக ஆகிவிட்டது. வேகம் தணிந்த அலை தடுத்து நிறுத்தப்பட்ட அலையாகிவிட்டது. சிலருடைய கருத்து உறுதியான உண்மையாகிவிட்டது.

"இதெல்லாம் நுணுக்கம், விடுங்க மேடம்" என்று தோன்றலாம். விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கூற்றைப் பற்றி உண்மையிலேயே ஒரு விவாதம் நடந்தது. பிச்சாவரத்தை ஒட்டிய பரங்கிப்பேட்டைக் கரையோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, காடு இருந்த இடங்களில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டார்கள். அந்தக் குடியிருப்புகள் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருந்தன என்பதே வேறுபாட்டில் பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது, காட்டின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்று வாதிட்டார்கள். பாடநூலை எழுதியவர் "சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்" என்று போட்டது அலங்காரத்துக்காக அல்ல. அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் ஒரு முடியாத வழக்கு இருக்கிறது. மாணவர் அதைத் தீர்ப்பாகவே எழுதிவிட்டார்.

இதைவிட நுட்பமான ஒரு தவறு உண்டு. நல்ல மாணவர்களும் இதில் சறுக்குவார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். "இருந்ததாகக் கருதுகின்றனர்" என்ற முடிவு, அதற்கு முன்னால் உள்ள முழு வாக்கியத்துக்கும் குடையாக விரிந்திருக்கிறது. அலை வேகம் தணிந்ததும் கருத்துதான், உயிர்ச்சேதம் குறைந்ததும் கருத்துதான். இந்த நீள வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் என்ன ஆகிறது பாருங்கள்: *"அலையாத்தி வேர்கள் சுனாமியின் வேகத்தைத் தணித்தன. இதனால் சில ஊர்களில் உயிர்ச்சேதம் குறைந்ததாகச் சிலர் கருதுகின்றனர்."* முதல் வாக்கியம் குடைக்கு வெளியே நனைகிறது. அது இப்போது யாருடைய கருத்தும் அல்ல, நிறுவப்பட்ட உண்மை போல நிற்கிறது. நீள வாக்கியத்தை உடைப்பது நல்ல பழக்கம். உடைக்கும்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் குடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுருக்கமாக, கலைச்சொல்லைத் தொடாதீர்கள், பொதுச்சொல்லைத் தாராளமாக மாற்றுங்கள், வேலிச்சொல்லை வேறு வடிவத்திலாவது கட்டாயம் கொண்டுவந்து சேருங்கள்.

## பிரித்துக் கட்டுவது

இனி வேலையைச் செய்வோம். மூல வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அது சொல்லும் சேதிகளைத் துண்டுத்தாளில் குறிக்கிறேன். முழு வாக்கியமாக எழுதுவதில்லை. பொருளை நினைவூட்டும் சொற்கள் போதும்.

பிச்சாவரம் - 2004. கடல், காடு, ஊர் என்ற வரிசை. சில ஊர். சாவு மற்ற இடத்தைவிடக் குறைவு. ஏன்? வேர், அலை வேகம் போச்சு. சொல்வது யார்? சில ஆய்வாளர், உறுதி இல்லை.

குறிப்பு இவ்வளவுதான். இப்போது புத்தகத்தை மூடிவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் எலும்புக்கூட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மூல வாக்கியம் கண்ணெதிரே இருக்கும்வரை மனம் அதன் வரிசையை விட்டு நகராது. குறிப்பை மட்டும் பார்த்து எழுதினால், பாட்டிக்குச் சேதி சொன்னது போல நம் வரிசை தானாக வரும்.

என் வரிசையில் முதலில் வருவது ஊர். மூலத்தில் காரணம் முன்னால், விளைவு பின்னால். எனக்கு விளைவை முதலில் சொல்லிக் காரணத்தைப் பிறகு சொல்வது வசதி. "காடுகளுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள்" என்பதைக் காட்டின் பக்கம் நின்று பார்க்காமல் ஊரின் பக்கம் நின்று பார்த்தால், கடலுக்கும் ஊருக்கும் நடுவே காடு நிற்கிறது. அடுத்து வினை. வாக்கியத்தைத் திருப்பிப்போடச் சொன்னால் பலரும் உடனே செயப்பாட்டு வினைக்குப் போவார்கள்: "வேர்களால் அலைகளின் வேகம் தணிக்கப்பட்டது." இலக்கணப்படி சரி, கேட்க அரசாணை போல இருக்கிறது. தமிழில் அதைவிட இயல்பான வழி ஒன்று உண்டு. உடைத்தது - உடைந்தது, கலைத்தது - கலைந்தது என்பது போல, தணித்தது என்பதற்குத் தணிந்தது என்று ஒரு ஜோடி இருக்கிறது. வேர்கள் வேகத்தைத் தணித்தன என்பதை, வேர்களில் மோதி அலையின் வேகம் தணிந்தது என்று சொன்னால் வாக்கியம் தானாகவே திரும்பிவிடும். அதன் பிறகு ஈடுசொல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே வராது.

இப்படி வந்தது:

*"பிச்சாவரம் வட்டாரத்தில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்திக் காடு நின்ற சில ஊர்கள் 2004 சுனாமியில் மற்ற ஊர்களைவிடக் குறைவாகவே உயிர்களை இழந்தன என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். நெருக்கமாகப் பின்னிய வேர்களில் மோதி அலை வேகம் இழந்ததுதான் இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து."*

இப்போதுதான் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். இரண்டு கேள்விகள். மூலத்தில் உள்ள ஒவ்வொரு சேதியும் வந்துவிட்டதா? வந்திருக்கிறது, நான்கு வேலிகளும் இருக்கின்றன, இரண்டு வாக்கியத்துக்கும் குடை இருக்கிறது. மூலத்தில் இல்லாத எதையாவது சேர்த்துவிட்டேனா? முதலில் எழுதியபோது "குறைவாகவே உயிர்களை இழந்தன" என்பதற்குப் பதில் "குறைவாகவே பாதிக்கப்பட்டன" என்றுதான் எழுதியிருந்தேன். பாதிப்பு என்றால் வீடு, படகு, வலை எல்லாம் அடங்கும். மூலம் பேசியது உயிர்ச்சேதத்தை மட்டும். ஒப்பிட்டபோது அகப்பட்டது, திருத்தினேன்.

## 14 சொல், 10 சதவீதம்

மாணவர்களிடையே இரண்டு எண்கள் உலவுகின்றன. "தொடர்ந்து 14 வார்த்தைக்குக் குறைவா இருந்தா காப்பி இல்ல மேடம்" என்பது ஒன்று. "10 சதவீதம் வரைக்கும் அலவுடு" என்பது மற்றொன்று.

இரண்டும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளிலிருந்து வந்தவை. 14 சொல் என்பது, எல்லோரும் அறிந்த செய்திகளிலும் தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களிலும் அத்தனை சொல்வரை ஒப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு வாக்கியத்திலும் 13 சொல்லை எடுத்துக்கொள்ளக் கிடைத்த உரிமை அல்ல. நம் மூல வாக்கியம் மொத்தமே 25 சொல். அதில் 13 என்றால் பாதிக்கு மேல். 10 சதவீதம்வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை என்பதும், அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகக் கடுமை கூடுவதும் ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும் உரியவை. அசைன்மென்ட், தேர்வுத்தாள் போன்றவை அந்த விதிமுறையின் வரம்பில் வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் அசைன்மென்டுக்கு விதி சொல்வது உங்கள் துறையும் ஆசிரியரும்தான்.

## பெயர் போட வேண்டுமா?

இவ்வளவு பாடுபட்டு மாற்றிய பிறகும் எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். பலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. வாக்கியம் உங்களுடையது, சரி. ஆனால் பிச்சாவரத்துக்குப் போய் ஊர் ஊராகக் கணக்கெடுத்தது நீங்கள் அல்லவே. கருத்து இன்னும் அவர்களுடையது. சொந்த நடை என்பது மேற்கோள் குறியிலிருந்து விடுதலை தருகிறது, மூலத்தைக் குறிப்பிடுவதிலிருந்து தருவதில்லை.

அதை எங்கே போடுவது என்பதிலும் ஒரு சிக்கல். இரண்டு வாக்கியம் எழுதி, கடைசியில் மட்டும் அடைப்புக்குறிக்குள் நூலாசிரியர் பெயரும் ஆண்டும் போட்டால், முதல் வாக்கியம் உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு போலத் தெரியும். முதல் வாக்கியத்திலேயே "இன்னார் நூலின்படி" என்று தொடங்கிவிட்டால் கடன் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரியும். "என்பது அவர்கள் கருத்து" என்பது போன்ற தொடர் அது எங்கே முடிகிறது என்று காட்டிவிடும்.

விரைவை அணைத்த மாணவியைத் துறை அறைக்குக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னபோது, அவள் கேட்டது நியாயமான கேள்வி. "இத்தனை பண்றதுக்கு, ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு அப்படியே எழுதிடலாமே மேடம்?" எழுதலாம். சட்டப் பிரிவு, வரையறை, கவிதை வரி போன்ற, சொல் மாறினால் பொருளே மாறிவிடும் இடங்களில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அவளுடைய ஆறு பக்கத்தையும் அப்படி எழுதினால், அவள் புரிந்துகொண்டாளா என்று நான் எதை வைத்துப் பார்ப்பது?

இரண்டு நாள் கழித்து அந்தப் பத்தியை மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். ஊரில் தொடங்கி வேரில் முடித்திருந்தாள். வேகம் தணிந்திருந்தது. ஆய்வாளர்கள் அறிஞர்களாகப் பதவி உயர்வு பெறவில்லை, நூலின் பெயரும் முதல் வரியிலேயே இருந்தது. "கிராமங்களில்" என்பதற்கு முன்னால் மட்டும் ஒரு "சில" விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கூரைக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.